புதுப் பணியாளர் பயிற்சி உரையைக் காதுக்கு ஏற்றபடி எழுதுவது எப்படி?

கேள்வி: சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலை. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கையேட்டை வாசித்து ஒலிப்பதிவு செய்தோம், ஒருவருக்கும் விளங்கவில்லை. பேச்சுத் தமிழில் எழுதினால் மரியாதை குறைந்துவிடும் என்கிறார் முகாமையாளர். எப்படி எழுதுவது?

பதில்:

வினைமுற்றுகளை எழுத்துத் தமிழிலேயே விட்டுவிட்டு, வாக்கிய அமைப்பை மட்டும் மாற்றுங்கள். "சொல்லுங்கள்", "கொண்டு வர வேண்டும்" என்று முடிகிற வாக்கியம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மரியாதையாகவே கேட்கும். முகாமையாளருக்கு உறுத்துவது "சொல்லணும்", "வாங்க" போன்ற முடிவுகள். கேட்பவர் இடறுவது நீண்ட எச்சங்களிலும் "படுதல் வேண்டும்" என்ற முடிவுகளிலும். ஒன்றைத் தொடாமலே மற்றதைத் திருத்தலாம்.

முழுப் பேச்சுத் தமிழ் உங்களுக்கு இன்னொரு காரணத்தாலும் சரிவராது. மட்டக்களப்பு நகரத்துப் பேச்சு, படுவான்கரைப் பேச்சு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பேச்சு எல்லாம் ஒன்றல்ல. "மறுகா மூடியைத் திறங்க" என்று பதிவு செய்தால் ஒரு ஊராருக்கு அது வீட்டுப் பேச்சு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு ஒரு கணம் யோசிக்க வேண்டிய சொல். "பிறகு மூடியைத் திறங்கள்" எல்லாருக்கும் பொது.

லீவு பற்றிய ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம். கையேடுகளில் இப்படித்தான் இருக்கும்:

"பணிக்குச் சமுகமளிக்க இயலாத சந்தர்ப்பங்களில், கடமை ஆரம்பமாவதற்குக் குறைந்தது ஒரு மணித்தியாலத்திற்கு முன்னராக மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி மூலம் அறியப்படுத்தப்படுதல் வேண்டும் என்பதுடன், சுகயீனம் காரணமாக இரண்டு நாட்களுக்கு மேற்படச் சமுகமளிக்காதவிடத்து மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பிக்கப்படுதல் கட்டாயமானதாகும்."

தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை வந்த எல்லாவற்றையும் கேட்பவர் மனதில் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணால் வாசிப்பவர் திரும்பிப் போய்ப் பார்ப்பார், காதுக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு, யார் அறியப்படுத்துவது என்பது இதில் எங்குமே இல்லை. திருத்தினால்:

"வேலைக்கு வர முடியாவிட்டால், உங்கள் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். வேலை தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு வேலை என்றால், ஏழு மணிக்குள் அழைக்க வேண்டும். சுகயீனத்தால் இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால், மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். திரும்பி வரும் நாளில் அதைக் கொண்டு வாருங்கள்."

ஒவ்வொரு வாக்கியத்திலும் நிபந்தனை முதலில், செயல் பிறகு, ஒரே ஒரு வினைமுற்று. எட்டுப் பத்துச் சொற்களைத் தாண்டினால் வெட்ட இடம் தேடுங்கள். "என்பதுடன்" வருகிற இடமெல்லாம் பெரும்பாலும் முற்றுப்புள்ளிக்கான இடம். கடைசி வாக்கியம் மூலத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சான்றிதழை எப்போது கொடுப்பது என்று கையேடு சொல்லவில்லை. காதுக்காக எழுதும்போது இப்படியான ஓட்டைகள் வெளியே வரும். அவற்றை நீங்களாக நிரப்பாமல் முகாமையாளரிடம் கேட்டு நிரப்புங்கள்.

விதியின் பலம் மாறாமல் இருக்க, முடிவுகளை மூன்றாகப் பிரித்து, கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள். மீறக்கூடாத விதிக்கு "வேண்டும்", செய்முறைப் படிக்கு "-உங்கள்", விருப்பத்துக்கு "-லாம்". மென்மைக்காக ஒரு விதியை "அழைக்கலாம்" என்று எழுதினால், அழைக்காமலும் இருக்கலாம் என்றுதான் காதில் விழும்.

ஆலையில் மிகவும் பயப்பட வேண்டியது தடை வாக்கியங்களுக்கு. "இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து, சிக்கிய நெல்லைக் கையால் அகற்றுதல் கூடாது." இதில் உயிர் காக்கும் சொல் கடைசிச் சொல். வாசிப்பவரின் குரல் தாழ்வதும் வாக்கிய முடிவில்தான். பக்கத்தில் மோட்டார் இரைந்தால் "கூடாது" அமுங்கிப்போகும், மிச்சம் இருப்பது கையை உள்ளே விடச் சொல்லும் செய்முறை. ஆகவே செய்ய வேண்டியதை முதலில் வையுங்கள்: "நெல் சிக்கினால், முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். மின் இணைப்பையும் துண்டியுங்கள். உள்ளே எல்லாம் அசையாமல் நின்ற பிறகே மூடியைத் திறக்க வேண்டும்." தடையையும் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் "ஒருபோதும்" என்று தொடங்குங்கள். "ஒருபோதும், ஓடும் இயந்திரத்துக்குள் கை வைக்கக் கூடாது." முதற் சொல்லிலேயே காது தடைக்குத் தயாராகிவிடும்.

சம்பளப் பகுதியில் இடறுவது இலக்கங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குப் பணியாளர் 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மட்டும் 3 வீதம். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், 23 வீதமும் தன் சம்பளத்தில் வெட்டப்படுகிறது என்று ஒருவர் நினைக்க இடமுண்டு. யாருடைய பணம் என்பதை வைத்துப் பிரியுங்கள்: "உங்கள் சம்பளத்தில் எட்டு வீதம், ஊழியர் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படும். ஈ.பி.எஃப். என்பது இதைத்தான். நாற்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கு, மூவாயிரத்து இருநூறு ரூபாய் கழியும். அதே நிதிக்கு, நிறுவனம் தன் பணத்தில் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் போடும்." நம்பிக்கை நிதியின் ஆயிரத்து இருநூறு ரூபாயைச் சற்று இடைவெளி விட்டு, அதுவும் நிறுவனத்தின் பணம்தான் என்று சொல்லித் தொடங்குங்கள். "கழிக்கப்படும்" போல ஒன்றிரண்டு "படும்" இருப்பதில் தவறில்லை, கழிப்பவர் யார் என்பது அங்கே முக்கியம் இல்லை. வாசிக்கும் தாளில் இலக்கங்களை எழுத்தால் எழுதினால் வாசிப்பவர் தடுமாறமாட்டார்.

நம் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கும். அதனால் "வளி வெளியேறும் வழி" என்று எழுதினால் காற்றா பாதையா என்று குழம்பும். "காற்றுப் போகும் குழாய்", "வெளியே போகும் வாசல்" என்று எழுதுங்கள். "மேற்படி", "பின்வரும்", "குறித்த" ஆகியவற்றையும் எடுத்துவிட்டு, அந்தப் பொருளின் பெயரையே திரும்பச் சொல்லுங்கள். எழுத்தில் சலிப்பூட்டும் அந்தத் திரும்பச் சொல்லல், காதுக்கு உதவி.

கையொப்பம் வாங்கும் கையேட்டை மாற்ற வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். ஒலிப்பதிவின் தொடக்கத்தில் "இது விளக்கம். முழு விதிகள் கையேட்டில் உள்ளன" என்று ஒரு வரி போதும்.

பதிவு செய்வதற்கு முன், ஆலையைத் தெரியாத இரண்டு பேருக்குத் தாளைக் காட்டாமல் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் தமிழராகவும் ஒருவர் முஸ்லிமாகவும் இருந்தால் நல்லது, சொற்கள் இரு பக்கமும் விளங்குகின்றனவா என்று தெரியும். "விளங்கினதா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம்" என்பார்கள். "நாளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீங்க? எத்தனை மணிக்குள்ள?" என்று கேளுங்கள். பதிலில் "ஏழு மணி" வராவிட்டால், திருத்த வேண்டியது லீவுப் பத்தியின் மூன்றாவது வாக்கியம்.