எல்டிஎல் ஓகே, ட்ரைகிளிசரைட் மட்டும் 290

"நான் எண்ணெய் ஐட்டமே தொடறதில்ல, அப்புறம் எப்படி ரத்தத்துல ட்ரைகிளிசரைட் கொழுப்பு ஏறும்?"

ஒரு சாஃப்ட்வேர் பையனும் டயட்டீஷியனும் இதையே பேசினாங்க, அப்படியே போடறேன்.

"மேடம், கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் 112 தானே?"

"அது இருக்கட்டும் தம்பி, ட்ரைகிளிசரைட் 290னு அதிகம், நல்ல கொலஸ்ட்ரால் ஹெச்டிஎல் 34னு கம்மி, இந்த ஜோடிதான் கவலை. உங்க சாப்பாட்டு டைரில தினம் நாலு காபி, ரெண்டு கேன் கூல்ட்ரிங்க்ஸ்னு இருக்கு, காபிக்கு சர்க்கரை எவ்ளோ?"

"ரெண்டு ஸ்பூன்..."

"அப்போ காபில 8 ஸ்பூன், சுமாரா 32 கிராம், கேன்ல இன்னொரு 70 கிராம் போல. உடம்புக்கு மிஞ்சின சர்க்கரைய கல்லீரல் கொழுப்பா மாத்தி ரத்தத்துல விட்டுடும், எண்ணெயே வேணாம்."

"வீக்எண்ட்ல பீர் குடிப்பேன், எழுதல."

(குடிக்கிறத யாருமே எழுத மாட்டாங்க!)

"அதுவும் ஏத்தும். சர்க்கரை, பீர் ரெண்டையும் நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு, 12 மணி நேரம் வெறும் வயித்துல திரும்ப டெஸ்ட் எடுங்க, அப்பவும் குறையலன்னா சுகர், தைராய்டு பாக்கணும். ட்ரைகிளிசரைட் 500 தாண்டினா கணையத்துக்கே ஆபத்து, உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க."