டர்பன்: தூதரக எண்ணிலிருந்தே வந்த மிரட்டல் அழைப்பு

“இந்தியத் துணைத்தூதரக எண்தான் திரையில் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி தப்பாம், இன்றே அபராதம் கட்டாவிட்டால் நாடு கடத்துவார்களாம். என் பாஸ்போர்ட் எண்ணையும் சரியாகச் சொன்னார்கள். கட்டலாமா?”

கட்டாதீர்கள், அது மோசடி. போனில் அபராதம் கேட்டு, ஈவாலட்டிலோ வவுச்சரிலோ அனுப்பச் சொல்லும் வழக்கம் எந்தத் தூதரகத்துக்கும் இல்லை. நாடு கடத்துவது தென்னாப்பிரிக்க உள்துறையின் வேலை, இந்தியத் தூதரகத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது.

திரையில் தெரியும் எண்ணை இணைய அழைப்பு மூலம் போலியாகக் காட்ட முடியும். பாஸ்போர்ட் எண் பெரும்பாலும் வீட்டு வாடகைக்கோ வேலைக்கோ நீங்கள் கொடுத்த நகலிலிருந்து கசிந்திருக்கும்.

சோதிக்க, அழைப்பைத் துண்டித்துவிட்டு, தூதரக இணையதளத்தில் உள்ள எண்ணை நீங்களே விரலால் அழுத்திக் கூப்பிடுங்கள். அவர்கள் அனுப்பிய லிங்க்கையோ எண்ணையோ தொடாதீர்கள். “லைனிலேயே இருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று வற்புறுத்துவதே நீங்கள் இப்படிச் சரிபார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒன்று மட்டும்: பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், ஆவணம் குறைகிறது என்று தூதரகத்திலிருந்து நிஜமாகவே அழைக்கலாம். அப்போது ரசீதிலுள்ள கோப்பு எண்ணை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னாலும் மேலே சொன்னபடி திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓடிபி ஏற்கெனவே கொடுத்திருந்தால் முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள். போலீஸ் புகார் அதற்குப் பிறகு.