ராஜினாமா கொடுத்த பிறகு சம்பளத்தை உயர்த்துகிறார்கள்: இருக்கலாமா, கிளம்பலாமா?

கேள்வி: சென்னையில் ஐடி கம்பெனி ஒன்றில் வேலை. சிடிசி 12 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 52,000. புது கம்பெனி 18 லட்சம் தருகிறது. ராஜினாமா கொடுத்து, 90 நாள் நோட்டீஸில் இருக்கிறேன். இப்போது மேனேஜர் கூப்பிட்டு, "17.5 லட்சம் வாங்கித் தருகிறேன், இருந்துவிடு" என்கிறார். இரண்டு வருடமாகக் கேட்டும் கிடைக்காத உயர்வு இது. கடைசி வேலை நாளன்று சர்வீஸ் ஐந்து ஆண்டுக்கு ஐந்து வாரம் குறைவாக இருக்கும். பழகிய இடம், வித்தியாசமும் 50,000 தானே என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வித்தியாசம் 50,000 இல்லை. இரண்டு கம்பெனியிடமும் சம்பளப் பிரிவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த மாதிரி அவசர உயர்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிரியும்: நிலையான சம்பளம் 15 லட்சம், வேரியபிள் 1 லட்சம், ரிடென்ஷன் போனஸ் 1.5 லட்சம். புது கம்பெனியின் 18 லட்சத்தில் 10 சதவீதம் வேரியபிள் என்று வைத்துக்கொண்டால், நிலையான சம்பளம் 16.2 லட்சம். அப்படியானால் நிச்சயமாக வரும் பணத்தில் ஆண்டுக்கு 1.2 லட்சம், அதாவது வரிக்கு முன் மாதம் 10,000 வித்தியாசம். உங்கள் பட்டியலில் எண்கள் மாறலாம். ஆனால் ஒப்பிட வேண்டியது இந்த நிலையான சம்பளத்தைத்தான்.

ரிடென்ஷன் போனஸ் ஒருமுறை வரும் பணம். அடுத்த ஆண்டு இன்கிரிமென்ட் போடும்போது அது கணக்கிலேயே வராது. முன்கூட்டியே கொடுத்தால் கூடவே ஒரு நிபந்தனையும் வரும்: 12 அல்லது 18 மாதத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டும். கைக்கு வருவது வரி பிடித்த தொகை, திருப்பிக் கேட்பதோ பெரும்பாலும் முழுத் தொகை. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். புது கம்பெனி ஜாயினிங் போனஸ் தருவதாக இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

இன்னொன்றையும் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த உயர்வு போக, வரும் இன்கிரிமென்ட் சுழற்சியிலும் என் பெயர் இருக்குமா?" இல்லை என்றாலோ மழுப்பினாலோ, அடுத்த வருட உயர்வைத்தான் இப்போதே முன்பணமாகக் கொடுக்கிறார்கள்.

என் கருத்து, கிளம்புங்கள். இரண்டு வருடம் கேட்டும் நகராத சம்பளம், ராஜினாமாவுக்குப் பிறகு ஒரே வாரத்தில் நகர்கிறது என்றால், பட்ஜெட் இல்லாமல் இருந்திருக்காது. அடுத்த உயர்வுக்கும் இன்னொரு ராஜினாமாதான் வழி என்றால் அது நல்ல ஏற்பாடு இல்லை. வீட்டுச் சூழலோ வேறு காரணமோ இருந்து, இருக்கத்தான் முடிவு செய்கிறீர்கள் என்றால், மேனேஜரின் வாய்வார்த்தை போதாது. திருத்திய சம்பளக் கடிதம் எச்ஆரிடமிருந்து வர வேண்டும், ராஜினாமா வாபஸ் ஏற்கப்பட்டதும் எழுத்தில் வர வேண்டும். இரண்டும் கையில் வரும் வரை புது கம்பெனிக்கு மறுப்பு அனுப்பாதீர்கள். வாபஸ் சிஸ்டத்தில் பதிவாகாமல், கடைசி வேலை நாளன்று கணக்கு முடித்து ஐடி கார்டை வாங்கிக்கொண்ட சம்பவங்களும் உண்டு.

சரி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஐந்து வாரத்துக்கு வருவோம். அது கிராஜுவிட்டி விஷயம், அதாவது வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை (டிஏ இருந்தால் அதையும் சேர்த்து) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்களுக்கு ஆண்டுக்கு 30,000 வீதம், ஐந்து ஆண்டுக்கு 1.5 லட்சம். 20 லட்சம் வரை வரியும் இல்லை. உங்கள் சிடிசியிலேயே கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒரு பிரிவாக இருக்கும், அதுவும் ஆண்டுக்கு இதே 30,000 தான். அதாவது சம்பளமாக ஏற்கெனவே காட்டிய பணம் இது.

ஐந்து ஆண்டு முடிந்தால்தான் என்பது பொது விதி. ஆனால் நான்கு ஆண்டு முடித்து, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைப் பின்பற்றித் தரும் கம்பெனிகளும் உண்டு, ஐந்து ஆண்டு முழுசாக வேண்டும் என்று அடம்பிடிப்பவையும் உண்டு. எனவே இந்த வாரமே எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு, உங்கள் கடைசி நாளைக் குறிப்பிட்டு, கிராஜுவிட்டி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்று எழுத்தில் வந்தால் திட்டமிட்ட நாளிலேயே கிளம்பலாம். மறுத்தால் தொழிலாளர் துறையின் கிராஜுவிட்டி அதிகாரியிடம் போகலாம்தான், ஆனால் அது இழுக்கும். அதைவிட, கடைசி நாளை ஆறு வாரம் தள்ளிக்கொள்வது சுலபம். உங்களைப் பிடித்து வைக்கப் பார்க்கிறவர்கள் அதற்கு மறுக்க மாட்டார்கள். புது கம்பெனியிடம் சேரும் தேதியைத் தள்ளக் கேளுங்கள், திருத்திய தேதியோடு ஆஃபர் கடிதம் வந்த பிறகே இங்கே தேதியை மாற்றுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த 1.5 லட்சத்தைச் சொல்லி, ஜாயினிங் போனஸாக ஈடுகட்டச் சொல்லிப் பாருங்கள்.