ஒரே டைஸை தன்னோடயே பெருக்கினா ஏன் ஜாஸ்தி வருது

கேள்வி: டைஸ் போட்டா ஆவரேஜ் 3.5, அதை ஸ்கொயர் பண்ணா 12.25. ஆனா ஒவ்வொரு நம்பரையும் முதல்ல ஸ்கொயர் பண்ணிட்டு ஆவரேஜ் எடுத்தா 15.17 வருது. எப்பவுமே ரெண்டாவதுதான் பெருசா இருக்குமா, ஏன்? ஃபார்முலா வேணாம், புரியற மாதிரி சொல்லுங்க.

எப்பவுமே பெருசு, இல்லன்னா சமம், கீழ மட்டும் போகவே போகாது. "வேரியன்ஸ் நெகட்டிவ் ஆகாது, அதனால"ன்னு ஒரே வரியில சொல்லிடலாம், அது சரியான பதிலும்தான், ஆனா அதைப் படிச்சிட்டு அந்த எக்ஸ்ட்ரா 2.92 எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் கண்ணுல தெரியாது. எனக்குப் பிடிச்சது வேற வழி, பெருக்கல் வாய்ப்பாடு தெரிஞ்சா போதும்.

நாங்க பெங்களூர் அல்சூர்ல நாலு பசங்க ஒரே வீட்டுல இருக்கோம், ஞாயித்துக்கிழமை ஆனா லூடோ போர்டு வெளிய வந்துரும். அதுல ஒருத்தன், சேலத்துக்காரன், ஒரு நாள் லூடோவை ஓரங்கட்டிட்டு புதுசா ஒரு ஆட்டம் சொன்னான். ஒரு ஆட்டத்துக்கு 14 ரூபா கட்டணும், ரெண்டு டைஸ் போட்டு வர்ற ரெண்டு நம்பரையும் பெருக்கி அத்தனை ரூபா வாங்கிக்கலாம். இல்ல ஒரே டைஸ் போட்டு அந்த நம்பரை அதாலயே பெருக்கி வாங்கிக்கலாம், இஷ்டம். "ரெண்டுலயுமே கம்மி 1, ஜாஸ்தி 36, எதை ஆடினா என்ன மச்சி"ன்னான். நான் காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் இதை எழுதினேன்.

```
1   2   3   4   5   6
2   4   6   8  10  12
3   6   9  12  15  18
4   8  12  16  20  24
5  10  15  20  25  30
6  12  18  24  30  36
```

ரெண்டு டைஸ் போடறவனுக்கு இந்த 36 கட்டமும் சம வாய்ப்பு. மொத்தத்தையும் கூட்டினா 21 × 21 = 441, 36ஆல வகுத்தா 12.25, அதாவது 3.5 × 3.5 தான். ஒரு டைஸ் போடறவனுக்கு மூலையில இருந்து மூலைக்கு சரிவா இறங்குற 1, 4, 9, 16, 25, 36 மட்டும்தான், கூட்டினா 91, ஆறால வகுத்தா 15.17. 14 ரூபா கட்டினா முதல் ஆள் ஆட்டத்துக்கு சராசரியா 1.75 விடுறான், ரெண்டாவது ஆள் 1.17 எடுக்கறான். ஆக உங்க கேள்வியும் இப்ப சின்னதாயிடுச்சு, அந்த சரிவுல இருக்கிற கட்டங்களோட ஆவரேஜ் மொத்த டேபிளோட ஆவரேஜை விட ஏன் ஜாஸ்தி, அவ்ளோதான்.

இப்ப 1, 6 ரெண்டை மட்டும் எடுத்துக்கங்க. இந்த ரெண்டுக்கும் சம்பந்தப்பட்டது டேபிளோட நாலு மூலைதான். சரிவுல இருக்கிற ரெண்டு மூலை 1, 36, கூட்டினா 37. மத்த ரெண்டு மூலையும் 6, 6, கூட்டினா 12. வித்தியாசம் 25. அதே மாதிரி 3, 4 எடுத்தா சரிவுல 9 + 16 = 25, வெளிய 12 + 12 = 24, வித்தியாசம் வெறும் 1. எந்த ஜோடி எடுத்தாலும் இந்த வித்தியாசம் ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற தூரத்தோட ஸ்கொயர்தான் (ஸ்கூல்ல படிச்ச a² + b² − 2ab = (a − b)², அதேதான்), ஸ்கொயர் எப்படி நெகட்டிவ் ஆகும்? அதனால எந்த ஜோடியிலயும் சரிவு தோக்கவே தோக்காது.

மொத்தம் 15 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் வெளிய இருக்கிற ரெண்டு கட்டத்தை அழிச்சிட்டு அங்க a², b² எழுதிட்டே வாங்க. முடிச்சுப் பாத்தா ஒவ்வொரு ஸ்கொயரும் ஆறு தடவை இருக்கும், மொத்தம் 6 × 91 = 546, 36ஆல வகுத்தா அதே 15.17. 441 இருந்தது 546 ஆச்சு, நாம ஏத்தினது 105. அந்த 105 எங்கேருந்து வந்துச்சுன்னா, தூரம் 1 இருக்கிற அஞ்சு ஜோடியில 5, தூரம் 2ல 16, தூரம் 3ல 27, தூரம் 4ல 32, கடைசியா 1, 6 ஜோடி ஒண்ணே ஒண்ணு கொடுத்த 25. தூரம் நாலு, அஞ்சு இருக்கிற ஜோடி மொத்தமே மூணுதான், ஆனா 105ல 57 அதுங்ககிட்ட இருந்துதான் வருது. 105ஐ 36ஆல வகுத்தா 2.92, இதைத்தான் வேரியன்ஸ்னு சொல்றாங்க. 3.5ல இருந்து ஒவ்வொரு நம்பரும் எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்து அதை ஸ்கொயர் பண்ணி ஆவரேஜ் எடுத்தாலும் இதே 2.92 வரும், போட்டுப் பாருங்க.

விஷயம் என்னன்னா, டைஸை தன்னோடயே பெருக்கும்போது பெருசு பெருசோடயும் சின்னது சின்னதோடயும்தான் சேரும், ரெண்டு டைஸ்ல அப்படி கட்டாயம் இல்ல, 6க்கு 1ம் ஜோடியா வரலாம். இதையே திருப்பிப் போட்டா இன்னும் நல்லா தெரியும். ஒரு டைஸ் போட்டு மேல தெரியற நம்பரையும் அடியில இருக்கிற நம்பரையும் பெருக்குங்க. எதிரெதிர் பக்கம் கூட்டினா எப்பவும் 7, அதனால வர்றது 6, 10, 12, 12, 10, 6, ஆவரேஜ் 9.33. 12.25ல இருந்து இது அதே 2.92 கீழ! பெருசை பெருசோட கட்டினா எவ்ளோ ஏறுச்சோ, பெருசை சின்னதோட கட்டினா கரெக்டா அவ்ளோ இறங்குது.

டைஸ்ல ஈயம் வச்சு ஏமாத்தினாலும் ஸ்கொயரோட ஆவரேஜ் கீழ போகாதுங்கிறது மாறாது, ஆனா அப்ப கட்டங்களுக்கு சம வாய்ப்பு இல்ல, ஒவ்வொரு ஜோடியோட தூர ஸ்கொயரையும் அந்த ரெண்டு நம்பர் விழற வாய்ப்பால பெருக்கணும். உதாரணத்துக்கு பாதி தடவை 1, பாதி தடவை 6, வேற எதுவுமே விழாத டைஸ்னு வைங்க. ஆவரேஜ் அதே 3.5, ஆனா ஸ்கொயரோட ஆவரேஜ் 18.5, வித்தியாசம் 6.25. ஒரே ஜோடிதான், ½ × ½ × 25. ரெண்டும் சமமா வரணும்னா எப்ப போட்டாலும் ஒரே நம்பர் விழற டைஸ் வேணும், வேற வழியே இல்ல.

கடைசியா ஒண்ணு, நிறைய பேர் இது ஆயிரக்கணக்குல உருட்டினாதான் உண்மையாகும்னு நினைக்கறாங்க. அப்படி கிடையாது. 14 ரூபா ஆட்டத்துல லாபமா நஷ்டமான்னு பத்து தடவை உருட்டி கண்டுபிடிக்க முடியாது, அது நிஜம்தான், ஆனா நீங்க எழுதி வச்சிருக்கிற எந்த லிஸ்ட்டுக்கும், மூணே மூணு நம்பர் இருந்தாலும், இந்த விதி அப்படியே பொருந்தும். 2, 3, 3 விழுந்துச்சுன்னு வைங்க. ஸ்கொயரோட ஆவரேஜ் 22/3, அதாவது 7.33. ஆவரேஜ் 8/3, அதோட ஸ்கொயர் 7.11. சரியா இருக்கு. இதுலயே ஆவரேஜை முதல்ல 3ன்னு ரவுண்ட் பண்ணிட்டு ஸ்கொயர் பண்ணா 9 வந்துரும், விதி உடைஞ்ச மாதிரி தெரியும். எக்செல்ல உங்களுக்கு இது தலைகீழா வந்தா டைஸை சந்தேகப்படாதீங்க, எங்கயோ நடுவுல ரவுண்ட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க, இல்லன்னா ரெண்டு நெடுவரிசைல வேற வேற வரிசை வரைக்கும் செலக்ட் பண்ணியிருப்பீங்க.