போராங் ஈ வந்தபின்: பாதையில்லாமல் மிஞ்சும் 0.7 ஏக்கருக்கும் இழப்பீடு கேளுங்கள்

கேள்வி: சார், பகாவ் பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் செம்பனை இருக்கு. அப்பா பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. கிராண்ட் இப்போ என் பேரிலும் அண்ணன் பேரிலும் இருக்கு. ரோடு போடணும்னு நில அலுவலகத்திலிருந்து விசாரணைக்குக் கூப்பிடும் போராங் ஈயும், கோரிக்கையை எழுத்தில் கேக்கும் போராங் எஃப்பும் வந்திருக்கு. 0.9 ஏக்கர் எடுக்கிறாங்க, அதுவும் நடுவிலேயே. முன்னால 1.4, பின்னால 0.7 மிஞ்சும். ரோட்டுக்கு அப்பால ஒரு கம்பெனி வீடு கட்டப் போகுது, ரோடே அவங்களுக்காகத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. இது எப்படிப் பொதுநோக்கம் ஆகும்? தடுக்க முடியுமா? ஏக்கருக்கு 90 ஆயிரம் வெள்ளிதான் வரும்னு ஒருத்தர் சொன்னார். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் இரட்டிப்புப் பணம் கேக்கச் சொல்றார். என்ன செய்யலாம்?

பதில்: நிலம் எடுப்பதைத் தடுப்பது கடினம், சகோதரி. தொகையை உயர்த்த வழி இருக்கிறது. கையில் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் அதற்கே செலவிடுங்கள்.

பொதுநோக்கம் என்றால் என்னவென்று மலேசியாவின் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. 3ஆம் பிரிவு பொதுநோக்கத்தோடு நிற்கவும் இல்லை. நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு நன்மை தரும் என்று மாநில அரசு கருதினால், தனி நிறுவனம் ஒன்றுக்காகவும் நிலம் எடுக்கலாம் என்று 1991 திருத்தம் வழி திறந்துவிட்டது. வீடமைப்புக்கும் வணிகத்துக்கும்கூட எடுக்கலாம். ஆகவே ரோட்டால் பக்கத்து மேம்பாட்டாளருக்கும் லாபம் என்பதை நிரூபித்தால்கூட வழக்கு வென்றுவிடாது.

8ஆம் பிரிவின்படி அரசிதழில் வந்த அறிவிப்பே, அதாவது போராங் டி, நிலம் அந்த நோக்கத்துக்குத் தேவை என்பதற்கு முடிவான சான்று. 1982இல் குலசிங்கம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் இதை ஏற்று, கெட்ட எண்ணம் என்ற ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தது. ஊர்ப் பேச்சு அதற்குச் சான்றாகாது. அறிவித்த நோக்கம் பொய்யென்று காட்டும் ஆவணம் வேண்டும். எடுத்தபின் நிலத்தை வேறு விதமாகப் பயன்படுத்தினாலும் எடுத்தது செல்லாமல் போகாது என்று 68ஏ பிரிவு வேறு சொல்கிறது. நடவடிக்கையையே எதிர்ப்பதென்றால் நீதிமுறை மேலாய்வுக்கு, அதாவது அரசின் முடிவை நீதிமன்றம் ஆராயக் கேட்கும் வழக்குக்கு, 3 மாதம்தான் கெடு.

இதில் நான் சரிபார்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று, தேதி. போராங் டி அரசிதழில் வெளியான நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் உங்கள் நிலத்துக்கு இழப்பீட்டுத் தீர்ப்பு வராவிட்டால் அறிவிப்பு தானாகக் காலாவதியாகும். அரசிதழ் நகலை வாங்கிக் கணக்குப் பாருங்கள்.

இனி அரசியலமைப்பு. 13ஆம் விதி அடிப்படை உரிமைகள் பகுதியில் இருக்கிறது. அதன் முதல் உட்பிரிவு, சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. இரண்டாவது, போதுமான இழப்பீடு தராமல் சொத்தைக் கட்டாயமாக எடுக்க எந்தச் சட்டமும் வகை செய்யக் கூடாது என்கிறது. எடுக்காதே என்று 13ஆம் விதி சொல்லவில்லை. எடுத்தால் போதுமான அளவு கொடு என்கிறது. போதுமானது எவ்வளவு என்பதை அளக்கும் கோல், நில எடுப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. அதன் அடிப்படை சந்தை விலை.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் தப்பாகச் சொல்லவில்லை, வேறு நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார். இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆறுதல் தொகையாக 100 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். நம் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. அப்பா பால் வெட்டி வாங்கிய நிலம், கொடுக்க மனமில்லை என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று நம் அட்டவணை வெளிப்படையாகச் சொல்கிறது. கேட்கவே கசப்பாக இருக்கும். ஆனால் விசாரணையில் அதைச் சொல்லி அரை மணி நேரத்தைக் கரைப்பவர்களுக்கு, கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்க நேரம் இருப்பதில்லை.

எந்த நாளின் சந்தை விலை என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. நிலம் எடுக்கப்படலாம் என்ற முதல் அறிவிப்பான போராங் ஏ அரசிதழில் வந்து, 12 மாதத்துக்குள் போராங் டியும் வந்திருந்தால், போராங் ஏ வெளியான நாளின் விலை. இல்லையென்றால் போராங் டி வெளியான நாளின் விலை. அந்த நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளில், அக்கம்பக்கத்தில், உங்கள் நிலத்தைப் போன்ற நிலம் என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்ப்பார்கள். ரோடு வரும் செய்தி கேட்டு ஏறிய விலை உதவாது. விற்பனைப் பதிவு விவரங்களை மதிப்பீடு மற்றும் சொத்துச் சேவைத் துறையான ஜேபிபிஎச்சில் பணம் கட்டிப் பெறலாம். அதைவிட, பதிவுபெற்ற தனியார் மதிப்பீட்டாளர் ஒருவரின் அறிக்கையோடு போங்கள். விசாரணை நடத்தும் நில நிர்வாகியின் மேசையில் இருக்கப்போவது அரசு மதிப்பீட்டாளரின் அறிக்கை. அறிக்கைக்கு எதிரே வெறும் வாய்ப்பேச்சு நிற்காது.

உங்கள் நிலத்தையே வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஏக்கர் 90,000 வெள்ளி என்றால் 0.9 ஏக்கருக்கு 81,000 வெள்ளி. போராங் ஏ வருவதற்கு 8 மாதம் முன்பு அண்டை நிலம் ஏக்கர் 140,000க்கு விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலம் தார் ரோட்டை ஒட்டியது, உங்களுடையது மண்பாதையில் என்றால், மதிப்பீட்டாளர் 10 விழுக்காடு குறைத்து 126,000 என்பார். 0.9 ஏக்கருக்கு 113,400 வெள்ளி.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்குப் பெரிய இழப்பு எடுக்கப்படும் 0.9இல் மட்டும் இல்லை, பின்னால் மிஞ்சும் 0.7 ஏக்கரிலும் இருக்கிறது. ரோடு நடுவே வந்தபின் குலை ஏற்றும் லாரி அங்கே எந்த வழியாகப் போகும்? உரம் எப்படிப் போகும்? பாதையில்லாத நிலத்தை யார் அதே விலைக்கு வாங்குவார்கள்? துண்டாக்கியதால் மிஞ்சிய நிலத்துக்கு ஏற்படும் இந்த நட்டத்துக்கும் அட்டவணையின் 2ஆம் பத்தி இழப்பீடு தருகிறது. 0.7 ஏக்கர் முன்பு 88,200 பெறும். பாதை போனதால் பாதி மதிப்பு போயிற்று என்று மதிப்பீட்டாளர் நிறுவினால் 44,100. மொத்தம் 157,500. உங்களிடம் சொன்ன 81,000ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, கடப்பதற்கு வழி போட்டுத் தருவோம் என்று விசாரணையில் சொல்லி, துண்டாக்கல் தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அந்த உறுதிமொழி தெளிவானதாகவும் அமல்படுத்தக் கூடியதாகவும் இருந்தால்தான் கணக்கில் சேரும். எங்கே, எத்தனை அடி அகலம், லாரி போகுமா, யார் போடுவது என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தைக்குத் தொகையை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு, முன்னால் உள்ள 1.4 ஏக்கர் பெரிய ரோட்டைப் பார்த்தபடி அமைவதால் விலை ஏறும் என்று கழிப்பார்கள். சட்டம் அப்படிக் கழிக்க இடம் தருகிறது. ஆனால் வேலி அடைத்த நெடுஞ்சாலையாக இருந்து, உங்கள் நிலத்திலிருந்து அதில் ஏற முடியாதென்றால் என்ன லாபம்? ரோட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பதில் அதில் இருக்கும்.

மரத்துக்கு இத்தனை வெள்ளி என்று எண்ணித் தனியாகக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒப்பிட்ட விற்பனையே காய்க்கும் செம்பனை நிலம் என்றால் மரத்தின் விலை ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. இரண்டாம் முறை கேட்டால் மொத்தக் கணக்கின் மீதே நம்பிக்கை போய்விடும். கட்டடம் இருந்தால் கிராண்டில் உள்ள நிபந்தனையைப் படியுங்கள். விவசாய நிலத்தில் அனுமதிக்கப்படாத கடையோ பட்டறையோ இருந்தால் அதன் மதிப்பை ஒதுக்கிவிடுவார்கள். போராங் டி வெளியான பிறகு எதையும் புதிதாகக் கட்டவோ நடவோ வேண்டாம், அந்தச் செலவு திரும்பாது.

விசாரணை நாளில் இந்தக் கணக்கை எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். போராங் எஃப்பிலும் இதே தொகையைப் போடுங்கள். 37ஆம் பிரிவின்படி, உரிய நேரத்தில் கோரிக்கை வைத்தவர்தான் பிறகு ஆட்சேபிக்க முடியும். நீங்களும் அண்ணனும் தனித்தனியாகக் கொடுங்கள். அவர் மறுப்பின்றி வாங்கிக்கொண்டால் அவர் பங்குக்கான வாய்ப்பு முடிந்தது, உங்கள் பங்கு நிற்கும்.

தீர்ப்புத் தொகை போராங் எச்சில் வரும். கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் வாங்கலாம், ஆனால் ‘தெரிமா டெங்கான் பந்தஹான்’, அதாவது எதிர்ப்புடன் ஏற்கிறேன் என்று எழுதித்தான் வாங்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் கையெழுத்திட்டால் ஆட்சேபிக்கும் உரிமை போய்விடும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள்.

ஆட்சேபனை போராங் என் வழியாக நில நிர்வாகியிடம் போகிறது, முன்பணமும் கட்டச் சொல்வார். அவர்தான் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். கெடு 6 வாரம். எந்த நாளிலிருந்து என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். விசாரணைக்கு நீங்களோ உங்கள் பிரதிநிதியோ போயிருந்தால், தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 6 வாரம். போராங் எச் தபாலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல. விசாரணை அறையிலேயே தொகையைச் சொல்லிவிட்டால் அன்றே கெடு ஓடத் தொடங்கும். போகாதவருக்குத்தான் நோட்டீஸ் கிடைத்து 6 வாரம் அல்லது தீர்ப்பிலிருந்து 6 மாதம், இரண்டில் எது முந்துகிறதோ அது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கோரிக்கை வைக்காதவருக்கு கெடு எவ்வளவு நீண்டாலும் பயனில்லை.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டு உதவியாளர்கள் அமர்வார்கள். முன்பு அவர்கள் சொன்ன தொகை நீதிபதியையே கட்டுப்படுத்தியது. 2017இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்று அடித்தது. இப்போது தீர்மானிப்பவர் நீதிபதி. அதே வழக்கில், தொகை குறைவு என்பதற்காக மட்டும் மேல்முறையீடு செய்ய முடியாது, சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே முடியும் என்றும் சொல்லிவிட்டது. ஆகவே பாதை போன 0.7 ஏக்கருக்கான சான்றை மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்காமல், வரைபடமும் மதிப்பீட்டு அறிக்கையுமாக விசாரணை நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.