கணக்கில் பணம் இருந்தும் தவணை திரும்பியது ஏன்?

கேள்வி: பைக் கடன் தவணை 4,870 ரூபாய், 5-ம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். ஜூனில் பவுன்ஸ் ஆனது, 10-ம் தேதி நேரில் கட்டினேன். ஜூலையில் கணக்கில் 11,000 இருந்தும் திரும்பிவிட்டது. இப்போது ஜூலை 20 தேதியிட்டு, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 'பிரிவு 25' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயிலா சார்?

பதில்: பயப்படாதீர்கள். முதலில் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் இரண்டு மாதத்துக்கும் திரும்பிய காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பாஸ்புக்கில் பெரும்பாலும் அபராதம் பிடித்த பதிவு மட்டும்தான் தெரியும். காரணம் அவர்களுக்கு வரும் விவரத்தில் இருக்கும்.

ஜூனுக்கு Balance insufficient என்று இருந்தால், சம்பளம் ஏறிய நேரத்தைப் பாருங்கள். பற்றுக் கோரிக்கை காலையிலேயே வந்து, சம்பளம் மதியம் ஏறியிருந்தால், மாலையில் பார்க்கும் இருப்புக்கு அர்த்தமில்லை. முந்தின இரவே பணம் இருக்க வேண்டும், அல்லது தவணைத் தேதியை 10-க்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஜூலைதான் எனக்கு உறுத்துகிறது. தவணையைத் தானாகப் பிடிக்க அனுமதித்து நீங்கள் கையெழுத்திட்ட மேன்டேட் படிவத்தின் நகலை வாங்கி, அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 5,000 என்று இருந்து, அவர்கள் ஜூன் பவுன்ஸ் கட்டணம் 590-ஐயும் சேர்த்து 5,460 கேட்டிருந்தால், கணக்கில் லட்சம் இருந்தாலும் வங்கி திருப்பித்தான் அனுப்பும். அது அவர்கள் தவறு. அந்த மாதக் கட்டணத்தை ரத்து செய்யவும், உங்கள் வங்கி பிடித்ததைத் திருப்பித் தரவும் கேளுங்கள். வரம்பு சரியாக இருந்தால், கேஒய்சி பாக்கியோ போலீஸ் முடக்கமோ இருக்கிறதா என்று வங்கிக் கிளையில் விசாரியுங்கள். அதைக் கிளையில்தான் தீர்க்க முடியும், கம்பெனியிடம் வாதாடிப் பயனில்லை.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். அவர்கள் சொல்வது 2007-ம் ஆண்டு பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-ம் பிரிவு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் இருப்புப் போதாமல் திரும்பியிருக்க வேண்டும். வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அது கையில் கிடைத்து 15 நாளாகியும் நீங்கள் கட்டாமல் இருக்க வேண்டும். ஜூன் தவணையைக் கட்டிவிட்டீர்கள், நோட்டீஸும் காலம் கடந்தது. ஜூலையில் வரம்பு மீறல்தான் காரணம் என்றால், இருப்புக் குறைவு என்ற பேச்சே எழாது.

அதற்காக நோட்டீஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 15 நாளுக்குள் 4,870-ஐ 'ஜூலை தவணை' என்று குறிப்பிட்டுக் கட்டி, ரசீதுடன் பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். கோபத்தில் கணக்கை மூடவும் வேண்டாம்; காசோலை வழக்குகளில் அதையும் இருப்பின்மையாகவே நீதிமன்றங்கள் பார்த்திருக்கின்றன. கட்டணம் பற்றிய புகாருக்குக் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.