3% கடன், 3.5% வைப்பு: எது லாபம்?

“பட்டர்வொர்த்தில் வேலை. 60,000 ரிங்கிட் பிக்ஸ்ட் டெபாசிட்டில் 3.5% வட்டியில் இருக்கிறது. காருக்கும் அதே 60,000 ரிங்கிட் கடன், 7 வருடத்துக்கு 3% தான். கடன் எடுத்துவிட்டு காசை அப்படியே விடலாமா?”

அந்த 3% பிளாட் ரேட்டாக இருந்தால் கணக்கு இப்படி. முதலில் வாங்கிய முழு 60,000க்கும் 7 வருடமும் வட்டி போடுவார்கள். மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டி குறையாது. மொத்த வட்டி 12,600, தவணை சுமார் 864 ரிங்கிட். உங்கள் கையில் உண்மையில் இருக்கும் கடனுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறக்குறைய 5.6% ஆகிறது. இதுதான் எபெக்டிவ் ரேட்; உங்கள் கடனுக்கு அது என்னவென்று வங்கியிடம் கேளுங்கள்.

டெபாசிட்டை விட்டுவைத்தால் 7 வருடத்தில் சுமார் 76,300 ஆகும். வட்டி 16,300, கடன் வட்டியைவிட அதிகம்தானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. ரொக்கமாக வாங்கிவிட்டு, அதே 864ஐ மாதாமாதம் அதே 3.5%க்குப் போட்டு வந்தால் சுமார் 82,000 சேரும். ரொக்கம்தான் 5,000க்கு மேல் முன்னே நிற்கிறது.

ஆனால் அந்த 864ஐ நீங்கள் உண்மையிலேயே சேமித்தால்தான் இது பலிக்கும். சம்பள நாளிலேயே தானாகப் பிடிக்கும்படி வங்கியில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இந்த 60,000 மட்டும்தான் உங்கள் மொத்தச் சேமிப்பு என்றால் முழுவதையும் காரில் போடாதீர்கள். ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மீதியை முன்பணமாகக் கட்டி, சின்னக் கடனாக எடுங்கள். தவணைக் காலம் ஐந்து வருடத்தைத் தாண்ட வேண்டாம்.